விலைப்புள்ளியை மறுத்து எழுதும்போது கவனிக்க வேண்டியவை

மண்டியில் தரகர் சாம்பிள் கொண்டுவந்து காட்டுகிறார். சரக்கு நமக்கு ஒத்துவரவில்லை என்றால், "இந்த லாட் வேண்டாம், அடுத்த வரத்து வந்தால் காட்டுங்கள்" என்று அங்கேயே சொல்லிவிடுகிறோம். அவருக்கும் வருத்தமில்லை, மறுவாரம் மீண்டும் வருகிறார். ஆனால் கடைக்கு இணையதளம் அமைத்துத் தரும் நிறுவனம் மின்னஞ்சலில் விலைப்புள்ளி அனுப்பினால் நம்மில் பலர் பதிலே போடுவதில்லை. அல்லது "பார்த்துச் சொல்கிறோம்" என்று ஒரு வரி எழுதிவிடுகிறோம். இரண்டினாலும் நமக்கே தொல்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மளிகை மொத்தக் கடைக்கு 400 பொருள்கள், படங்கள், ஆன்லைனில் பணம் செலுத்தும் வசதி ஆகியவற்றுடன் இணையதளம் அமைக்க விலைப்புள்ளி வருகிறது. தொகை ரூ.1,20,000. இதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.21,600 சேர்த்து ரூ.1,41,600. இரண்டாம் ஆண்டு முதல் பராமரிப்புக்கு ஆண்டுக்கு ரூ.24,000, வரியுடன் ரூ.28,320. விலைப்புள்ளி 10ஆம் தேதியிட்டது, 15 நாள் செல்லும். அந்த நிறுவனத்துப் பையன்கள் கடைக்கு வந்து அரைநாள் இருந்து, பொருள் பட்டியலையும் விலைகளையும் குறித்துக்கொண்டு, மாதிரிப் பக்கம் ஒன்றும் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கடைக்காரர் யோசித்துப் பார்க்கிறார். பருப்பு, எண்ணெய், மிளகாய் விலை தினமும் மாறுகிறது. 400 பொருளுக்கும் விலை மாற்ற ஓர் ஆள் வேண்டும். வாடிக்கையான சில்லறைக் கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் காலையில் விலை போட்டாலே போதும். ஆகவே இப்போது வேண்டாம். ஆனால் முகவரியும் கடை நேரமும் விற்கும் பொருள்களும் தெரியும்படி ஒரே ஒரு பக்கம் பின்னால் தேவைப்படலாம். அதற்கு இதே நிறுவனம்தான் நல்லது என்றும் அவருக்குத் தோன்றுகிறது.

மறுமொழியை 15 நாள் கெடு முடிவதற்குள் அனுப்ப வேண்டும். புதிய கடிதமாக எழுதாமல், அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலையே திறந்து Reply கொடுத்து எழுதுவது நல்லது. விலைப்புள்ளியும் நம் பதிலும் ஒரே கோர்வையில் இருந்தால் பின்னால் யார் தேடினாலும் கிடைக்கும். கடைக்கு வந்து வேலை பார்த்தவருக்கு எழுதி, அவருடைய முதலாளிக்கும் பிரதி போகச் செய்யலாம். கடிதம் இப்படி இருக்கலாம்:

"அன்புடையீர், வணக்கம். தாங்கள் 10ஆம் தேதி அனுப்பிய, வரியுடன் ரூ.1,41,600க்கான விலைப்புள்ளி கிடைத்தது. தங்கள் ஆட்கள் கடையில் அரைநாள் இருந்து பட்டியல் எடுத்ததற்கும், மாதிரிப் பக்கம் செய்து காட்டியதற்கும் நன்றி. இந்த விலைப்புள்ளியை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் சரக்குகளின் விலை தினமும் மாறுவதால், 400 பொருள்களுக்கும் விலையைத் திருத்திப் போட எங்களிடம் ஆள் இல்லை. அதுவே காரணம்.

கடை முகவரி, நேரம், பொருள் வகைகள் மட்டும் கொண்ட ஒரு பக்கத் தளம் பற்றி ஏப்ரலில் புதுக்கணக்கு தொடங்கியபின் யோசிக்க இருக்கிறோம். அப்போது நாங்களே தங்களைத் தொடர்பு கொண்டு புதிய விலைப்புள்ளி கேட்போம். இது ஆர்டர் அல்ல, வாக்குறுதியும் அல்ல.

எங்கள் கடை பெயரில் உள்ள மாதிரிப் பக்கத்தை எடுத்துவிடவும், நாங்கள் கொடுத்த விலைப்பட்டியலை அழித்துவிடவும் கேட்டுக்கொள்கிறோம். இங்ஙனம்..."

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. "ஏற்கவில்லை" என்ற சொல்லை மழுப்பாமல் எழுதியிருக்கிறோம். "நல்லா இருக்கு, பொங்கல் கழித்து ஆரம்பிப்போம்" என்று மரியாதைக்காக எழுதினால், எதிர்த்தரப்பு அதை ஆர்டராக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கி, முன்பணத்துக்குப் பில் அனுப்பக்கூடும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவுப்படி, ஏற்பு என்பது நிபந்தனையில்லாமல் முழுமையாக இருந்தால்தான் ஒப்பந்தமாகும். ஆனாலும் மின்னஞ்சல் என்பதால் மட்டும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாதபடி 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 10ஏ பிரிவு இருக்கிறது. இரண்டு பொருள் தரும் வாக்கியம் எழுதிவிட்டு வழக்காடுவதைவிடத் தெளிவாக எழுதுவது எளிது.

காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் உண்மையானது. "விலை அதிகம்" என்று எழுதினால் மறுநாளே 20 சதவீதம் குறைத்து அடுத்த விலைப்புள்ளி வரும். அப்போது நாம் சொன்ன காரணம் போய்விட்டது, மறுக்க வேறு காரணம் தேட வேண்டும். விலைதான் உண்மையான தடை என்றால், மறுப்புக் கடிதம் எழுதாமல் நேராகப் பேரம் பேசிவிடலாம். "வேறொருவர் ரூ.70,000க்குச் செய்கிறார்" என்று மற்றவர் விலையை எடுத்துக் காட்டுவதும் கூடாது. நம் விலையை வாங்கிக்கொண்டு போய் எதிர்க்கடையில் காட்டும் வாடிக்கையாளரை நாம் எப்படி நினைப்போமோ, அப்படித்தான் அவர்களும் நம்மை நினைப்பார்கள்.

கதவைத் திறந்து வைப்பது என்றால் "எதிர்காலத்தில் பார்க்கலாம்" என்று எழுதுவதல்ல. அதை யாரும் நம்புவதில்லை. எந்த வேலை, எப்போது, யார் முதலில் கூப்பிடுவது என்ற மூன்றையும் சொன்னால்தான் அது திறந்த கதவு. நாமே கூப்பிடுவதாக எழுதியதால் வாராவாரம் நினைவூட்டும் போன் வராது. நிஜமாகவே அப்படி எண்ணம் இல்லையென்றால் இந்தப் பத்தியை விட்டுவிட்டு, நன்றியுடன் முடித்துக்கொள்ள வேண்டும்.

"புதிய விலைப்புள்ளி" என்று எழுதியதும் கணக்கோடுதான். நாம் மறுத்த உடனே பழைய விலைப்புள்ளி முடிந்துபோகிறது. ஏப்ரலில் போய் "அன்றைக்குச் சொன்ன விலைக்கே செய்யுங்கள்" என்று உரிமையாகக் கேட்க முடியாது.

கடைசிப் பத்தியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாதிரிப் பக்கம் அந்த நிறுவனத்தின் சர்வரிலேயே கிடந்தால், கூகுளில் நம் கடைப் பெயரைத் தேடுபவர் கண்ணில் அது படலாம். அதில் ஆறு மாதத்துக்கு முந்தைய துவரம் பருப்பு விலை இருக்கும். "உங்கள் தளத்தில் இந்த விலைதானே போட்டிருக்கிறது" என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்வது நாம்தான். நம் கடைப் பெயரில் டொமைன் பெயரை அவர்கள் முன்கூட்டியே பதிவு செய்திருந்தால், அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, பதிவுச் செலவைக் கொடுத்து நம் பெயருக்கு மாற்றித் தரும்படி இதே கடிதத்தில் கேட்டுவிட வேண்டும்.

அனுப்பிய பிறகு "சரி, ஏப்ரலில் பேசுவோம்" என்று பதில் வந்தால் கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது. விலை குறைத்து மறுபடி வந்தால், "காரணம் விலை அல்ல, முன்பு எழுதியபடியே" என்று ஒரு வரி போதும். ஒரு வாரமாகியும் பதில் இல்லையென்றால் மாதிரிப் பக்கம் எடுக்கப்பட்டதா என்று மட்டும் திறந்து பார்த்து, இல்லையெனில் அதற்கு மட்டும் நினைவூட்ட வேண்டும். பிறகு ஏப்ரல் மாத நாட்குறிப்பில் அவர்கள் போன் எண்ணைக் குறித்து வைப்பது நம் பொறுப்பு. தேவை மாறிப்போயிருந்தாலும், கூப்பிடுகிறோம் என்று எழுதியவர் ஒருமுறை கூப்பிட்டு அதைச் சொல்லிவிட வேண்டும்.