ஒரு பொத்தானில் நின்ற கூட்டம்

பல பக்கங்கள் கொண்ட பதிவுப் படிவத்தை எங்கே கைவிடுகிறார்கள் என்று கண்டறிய, ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் அடுத்த பக்கம் போனார்கள் என்று எண்ண வேண்டும். உதாரணமாக, முதல் பக்கத்துக்கு 1000 பேர், இரண்டாவதுக்கு 900, மூன்றாவதுக்கு 400 பேர் வந்தால், ஓட்டை இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் எண்ணிக்கை இடத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது.

அமெரிக்க வடிவமைப்பு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதிய ஒரு கதை இதற்குச் சான்று. பெரிய இணையக் கடை ஒன்றில், கூடையில் பொருள் சேர்த்தவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சிறிய படிவம் வந்தது. மின்னஞ்சல், கடவுச்சொல் என இரண்டே கட்டங்கள். 'உள்நுழை', 'பதிவுசெய்' என இரண்டு பொத்தான்கள். ஸ்பூலின் குழு, வாடிக்கையாளர்கள் கையில் பணத்தைக் கொடுத்து வாங்கச் சொல்லி, அருகிலிருந்து கவனித்தது. புதியவர்கள் பதிவு என்றதுமே எரிச்சலடைந்தார்கள். பழையவர்களுக்கோ எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம் என்பதே நினைவில்லை. வாடிக்கையாளர்களில் 45 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தன.

தீர்வு எளிது. 'பதிவுசெய்' பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை, விரும்பினால் பிறகு தொடங்கலாம் என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர்.