விலை திரும்பவில்லை, சராசரி இறங்கியது

ஒரு பங்கின் 20 நாள் சராசரி விலை 500 ரூபாய், திட்ட விலக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். விலை 475-க்கு விழுந்தால், 25 ரூபாய் வித்தியாசத்தைப் பத்தால் வகுக்க வேண்டும். ‘இசட் ஸ்கோர்’ -2.5. இவ்வளவு விலகினால் விலை சராசரிக்குத் திரும்பிவிடும் என்று நம்பிப் பலர் வாங்குவார்கள். விலை ஒரு வட்டத்துக்குள் ஊசலாடும்வரை இது பலிக்கும்.

ஆனால் அடுத்த 20 நாளும் தினம் 5 ரூபாய் இறங்கினால்? விலை 375. சராசரியும் கூடவே இறங்கி 422.50 ஆகிவிடும்; திட்ட விலக்கமோ சுமார் 29-ஆக வீங்கிவிடும். இப்போது ஸ்கோர் சுமார் -1.6. வாங்கியவருக்கு நூறு ரூபாய் நஷ்டம். ஸ்கோரைப் பார்த்தால் நிலைமை தேறியதுபோல் தெரியும்! சரிவு இதே வேகத்தில் நீடித்தால் அது அங்கேயே நிற்கும், பூஜ்யத்தைத் தொடாது.

அதனால் ஸ்கோருக்கு முன் சராசரிக் கோட்டைப் பாருங்கள். அது படுத்துக் கிடந்தால் சமிக்ஞையை ஓரளவு நம்பலாம். சரிந்துகொண்டிருந்தால் -2.5 மலிவு விலையைக் காட்டவில்லை, சரிவு வேகமெடுத்திருப்பதைத்தான் காட்டுகிறது.