பெயலில் தொடங்கித் துவலை வரை

பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை மழையோடுதான் தொடங்குகிறது. பருவத்தின் முதல் மழைக்கு நக்கீரர் வைத்த பெயர் ‘புதுப்பெயல்’. பெயல் என்றால் பெய்வது, அவ்வளவே. அது வலுத்ததா, மெலிந்ததா என்று அந்தச் சொல்லில் தெரியாது. மழையில் சிக்கியவர்களைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளத்துக்கு அஞ்சிய கோவலர் மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போகிறார்கள். நெருப்பில் கை காய்ச்சியும் அவர்களுக்கு நடுக்கம் நிற்கவில்லை. விலங்குகள் மேய மறக்கின்றன, குரங்குகள் குன்றிப் போகின்றன, மரத்தில் இருந்த பறவைகள் கீழே விழுகின்றன. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. மழையின் வலுவைச் சொல்ல இந்தப் பசு ஒன்றே போதும் என்பேன்.

கொஞ்சம் தள்ளிப் பெயல் ஓய்கிறது. கொட்டித் தீர்த்த வெண்மேகம் வானில் எழுந்து, இப்போதுதான் ‘துவலை’யைக் கற்றுக்கொள்வதாகப் புலவர் சொல்கிறார். துவலை என்பது நுண்துளியாகத் தூவுவது. நாம் தூறல் என்போமே, கிட்டத்தட்ட அது. பேய்மழை பெய்த மேகத்துக்கு மெல்லத் தூவப் பழக வேண்டியிருக்கிறதாம்! அந்த இடத்தில் மேகத்தைக் குறிக்க அவர் எடுத்த சொல் ‘மழை’. சங்கப் பாடல்களில் மழை என்ற சொல் பல இடங்களில் மேகத்தையே குறிக்கும். இதை மறந்து படித்தால், மழை ஓய்ந்த பிறகும் மழை எங்கிருந்து வந்தது என்று குழம்புவோம்.

அதே துவலை அடுத்து ஊர்த்தெருவில் விழுகிறது. கள் குடித்து மகிழ்ந்தவர்கள் அந்தக் குளிர்ந்த துளியைச் சட்டை செய்யாமல், பொழுது போனதும் தெரியாமல், விரும்பிய பக்கமெல்லாம் திரிகிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் கன்றையே உதறவைத்த பருவம், தெருவில் குடை தேடவும் வைக்கவில்லை.

ஆனால் வானம் வெளுக்கவில்லை. பொழுது சாய்ந்ததைப் பெண்கள் சூரியனைப் பார்த்து அறிய முடியவில்லை. கூடையில் வைத்த பிச்சி அரும்பு மலர்ந்து மணப்பதைக் கொண்டு அறிந்து விளக்கேற்றுகிறார்கள். மாடப்புறாக்களுக்கு இரவும் பகலும் ஒன்றாகிவிட்டன. நம் பேச்சில் இதற்கு அடைமழை என்று பெயர். அடைமழை விடாமல் பெய்வதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு பலமாகப் பெய்கிறது என்பதைச் சொல்வதில்லை. சாரலும் அப்படித்தான்: காற்று துளியைச் சாய்த்து அடிப்பதுதான் அங்கே முக்கியம்.

அளவைச் சொல்ல இன்று வானிலைத் துறையின் சொற்கள் இருக்கின்றன. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை. மூன்று நாள் விடாமல் தூறி, வீட்டை விட்டு யாரையும் வெளியே விடாத அடைமழை இந்தக் கணக்கில் கனமழையாகாமலே போகலாம். புறாக்களைக் குழப்பிய துவலைக்கும் அங்கே இடம் கிடைத்திருக்காது.