யாருடைய கருத்து அது?

வெளிநாட்டில் படிக்கவும் வேலை பார்க்கவும் ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்கள் பலர், வாசிப்புத் தேர்வில் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். 'யெஸ், நோ, நாட் கிவன்' என்று விடை கேட்கும் பகுதி அது. பார்வைக்கு 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' பகுதியைப் போலவே இருக்கும். ஆனால் அதில் கேட்பது கட்டுரையில் உள்ள தகவலை. இதில் கேட்பது கட்டுரையாளரின் கருத்தை. அந்தக் கருத்தை அவர் பெரும்பாலும் நேரடியாகச் சொல்லியிருக்க மாட்டார் என்பதுதான் சிக்கல்.

தேர்வில் வரக்கூடிய ஒரு பத்தியைத் தமிழில் இப்படி வைத்துக்கொள்ளலாம்:

"நகரின் மையத்தில் கார்களைத் தடை செய்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று வணிகர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் இயல்பானதுதான். ஆனால் கடை வாசலில் நின்று பொருளைப் பார்க்கிறவர் நடந்து வருகிறவர். காரில் போகிறவர் சிக்னலைத்தான் பார்ப்பார். இதை ஆராய மாநகராட்சி ஒரு குழு அமைக்கப்போகிறதாம். முன்பு அமைத்த குழுக்களின் அறிக்கைகளே இன்னும் அலமாரியை விட்டு இறங்கவில்லை."

முதல் கூற்று: கார்த் தடை வணிகத்தைக் கெடுக்கும். அவசரத்தில் படிப்பவர் 'யெஸ்' போடுவார். முதல் வாக்கியத்தில் அப்படித்தானே இருக்கிறது? இருக்கிறது, ஆனால் அது வணிகர்களின் கருத்து. கட்டுரையாளர் அதை எடுத்துச் சொல்லி மறுக்கிறார். எனவே விடை 'நோ'. ஒவ்வொரு வாக்கியத்தையும் படிக்கும்போது இதைச் சொல்வது யார் என்று கேட்டுக்கொண்டால், இந்தப் பிழையே வராது.

இரண்டாவது: வணிகர்களின் அச்சம் அர்த்தமற்றது. கட்டுரையாளர் அவர்களோடு உடன்படவில்லை. ஆனால் அச்சம் இயல்பானதுதான் என்கிறார். இதற்கும் விடை 'நோ'தான். எதிர்த்தரப்புக்குக் கொஞ்சம் இடம் கொடுத்துவிட்டு 'ஆனால்' என்று திரும்புவது கட்டுரையாளர்களின் வழக்கம். கொடுத்த இடத்தையே அவருடைய முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடுத்ததை இல்லையென்றும் ஆக்கிவிடக் கூடாது.

மூன்றாவது: குழு அமைப்பதால் பயன் விளையும் என்று கட்டுரையாளர் எதிர்பார்க்கிறார். குழுவைக் குறை கூறும் ஒரு சொல்கூடப் பத்தியில் இல்லை. ஆனாலும் 'அமைக்கப்போகிறதாம்' என்பதிலும், அலமாரியில் கிடக்கும் பழைய அறிக்கைகளிலும் அவருடைய அவநம்பிக்கை தெரிகிறது. விடை 'நோ'. உட்பொருள் என்பது இதுதான்.

நான்காவதுதான் நன்றாகப் படிக்கிறவர்களையும் சறுக்க வைக்கும்: தடை வந்த நகரங்களில் விற்பனை உயர்ந்திருக்கிறது. கட்டுரையாளர் தடையை ஆதரிப்பவர். இதைக் கேட்டால் தலையசைப்பார் என்றுகூடத் தோன்றும். ஆனால் வேறு நகரங்களின் விற்பனையைப் பற்றிப் பத்தியில் பேச்சே இல்லை. விடை 'நாட் கிவன்'. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மூன்றாவதில் ஊகத்துக்குச் சான்றாகப் பத்தியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. நான்காவதில் ஊகம் மட்டுமே இருக்கிறது. அதை வாசகர்தான் கொண்டுவருகிறார். இந்த வகையில் மதிப்பெண் போவது ஆங்கிலம் போதாததால் மட்டுமல்ல, இப்படித் தன் எண்ணத்தைக் கட்டுரையாளர் தலையில் ஏற்றுவதாலும்தான்.

கேட்கும் தேர்வில் சான்று குரலிலும் இருக்கும். மூன்றாம் பகுதியில் மாணவர்கள் தங்கள் பாடவேலையைப் பற்றி உரையாடுவார்கள். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். ஒருவர் யோசனை சொல்ல, மற்றவர் சற்றுத் தயங்கி, "ம்... அதுவும் ஒரு வழிதான்" என்று இழுப்பார். சொல்லளவில் அது சம்மதம். தயக்கத்தையும் இழுப்பையும் சேர்த்துக் கேட்டால் மறுப்பு. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "பார்க்கலாம்" என்று சொன்னால் நம் வீடுகளில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அதே காது ஆங்கில உரையாடலுக்கும் வேண்டும். கைவிடப்பட்ட யோசனையின் சொற்கள் விடைத் தேர்வுகளில் அப்படியே வரக்கூடும் என்பதால், காதில் விழுந்த சொல்லைத் தேடாமல் இருவரும் கடைசியில் எதில் வந்து நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கட்டுரையாளரின் தொனியைக் கேட்கும் கேள்விகளில் அளவும் முக்கியம். மேலே கண்டவர் மாநகராட்சியின் மீது கோபமாக இருக்கிறார் என்றால் அது மிகை; அக்கறையற்றவர் என்றால் தவறு. நம்பிக்கை இழந்தவர் என்பது வரைதான் பத்தி அனுமதிக்கிறது.

பயிற்சித் தாளைத் திருத்தும்போது மதிப்பெண்ணைக் கூட்டுவதோடு நிறுத்தாதீர்கள். 'யெஸ்', 'நோ' என்று எழுதிய ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வாக்கியத்தைப் பத்தியில் அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட வாக்கியம் கிடைக்காவிட்டால் 'நாட் கிவன்' ஆக இருக்கலாமா என்று திரும்பப் பாருங்கள். உண்மைத் தேர்வில் 40 கேள்விக்கு 60 நிமிடம்தான். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.