பார்த்தெழுதியதாகச் சந்தேகமா? பிள்ளையைக் கேட்கும் முறை

ஓர் அலகு படிப்பித்து முடிந்ததும் வகுப்பிலேயே வைக்கப்படும் சிறிய சோதனைதான் அலகுப் பரீட்சை. பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று அறிவதே அதன் நோக்கம். அதில் அருகருகே இருந்த இருவரின் விடைகள் ஒன்றுபோல் இருந்தால் என்ன செய்வது? கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் மாலை வகுப்பு நடத்தும் சகோதரிகளும், பிள்ளைமீது பழி வந்து பாடசாலைக்கு அழைக்கப்படும் தாய்மாரும் இதை அறிந்திருப்பது நல்லது.

தரம் 7 கணிதத்தில் ஓர் உதாரணம் பார்ப்போம். 1/2 + 1/3 என்ற கணக்குக்கு இருவரும் 2/5 என்று எழுதியிருக்கிறார்கள். சரியான விடை 5/6. ஆனால் மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டிவிடுவது பின்னம் பழகும் பிள்ளைகள் பலர் விடும் பிழை. ஆகவே இது பார்த்தெழுதியதற்குச் சான்றாகாது.

அடுத்த கணக்கு, 48இன் முக்கால் பங்கு. ஒரு பிள்ளை படிகளைச் சரியாகச் செய்து 36 எனக் கண்டு, விடைக்கோட்டில் மாறி 63 என எழுதியிருக்கிறது. மற்றப் பிள்ளையின் தாளில் படிகளே இல்லை. வெறுமனே 63 மட்டும் இருக்கிறது. இப்படியான அபூர்வமான பிழை இரண்டு தாள்களில் வந்தால் விசாரிக்கலாம். ஆனாலும் அது சந்தேகம் மட்டுமே.

பரீட்சை நடக்கும்போதே சந்தேகம் வந்தால் தாளைப் பறிக்க வேண்டாம். சத்தமின்றி இடத்தை மாற்றி, எழுதி முடிக்க விடுங்கள். பிறகு இருவரையும் தனித்தனியே, மற்றப் பிள்ளைகள் கேளாத இடத்தில் பேச வையுங்கள். "பார்த்தெழுதினாயா?" என்று தொடங்காமல், "இந்த விடை எப்படி வந்தது மகன், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேளுங்கள். மற்றவனைக் காட்டிக் கொடுக்கும்படி கேட்க வேண்டாம்.

பின்பு எண்களை மாற்றி, 35இல் ஐந்தில் இரண்டு பங்கு எவ்வளவு என்று செய்யக் கொடுங்கள். 14 எனச் செய்து காட்டினால் பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். அந்தப் புள்ளியையே கொடுக்கலாம். செய்ய முடியாவிட்டால் அதுவும் குற்றத்துக்குச் சான்றல்ல. பயத்தில் கை ஓடாமல் இருக்கலாம். இடம்பெயர்ந்த காலத்தில் அந்தப் பாடமே தவறியிருக்கலாம். பாடத்தை மீண்டும் சொல்லிக்கொடுத்து, இன்னொரு நாள் வேறு கணக்குகள் கொடுங்கள். பிள்ளை தானே ஒப்புக்கொண்டால் அந்த வினாவின் புள்ளியை மட்டும் நீக்கினால் போதும். முழுத்தாளுக்கும் பூச்சியம் போட்டால் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்பதே மறைந்துவிடும்.

வகுப்பின் முன் "கள்ளன்" என்று சொல்வதும், முழங்காலில் நிறுத்துவதும் விசாரணை ஆகாது. கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. இழிவான முறையில் எவரையும் நடத்தலாகாது என்று அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையும் சொல்கிறது.

தாய்மாரே, பாடசாலைக்கு அழைக்கப்பட்டால் உங்கள் பிள்ளையின் விடைத்தாளைக் காட்டும்படி கேளுங்கள். எந்த வினாவில் சந்தேகம், பிள்ளை என்ன விளக்கம் சொன்னது என்றும் கேளுங்கள். பிள்ளை அடிக்கப்பட்டிருந்தால் முதலில் அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம்.