இருபது பேருக்குக் கோழிக்கறி: இரட்டிப்பாவது எது, ஆகாதது எது?

வீட்டில் 2 கிலோ கோழியில் அருமையாகக் கறி வைப்பவர்கள், காதணி விழாவுக்கு 4 கிலோ வைக்கும்போது குழம்பு தண்ணியாகிவிடுவது உண்டு. மசாலாவையும் தண்ணீரையும் அப்படியே இரண்டு மடங்காக்கி, அடுப்பை மட்டும் பழைய கேஸ் அடுப்பாகவே வைத்திருப்பதுதான் காரணம்.

வெங்காயத்திலேயே தொல்லை தொடங்கிவிடும். அரை கிலோ வெங்காயத்தை வதக்கிய தீயில் ஒரு கிலோவைக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, வெங்காயம் தண்ணீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது. பத்து நிமிடத்தில் முடிந்த வேலைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டு தடவையாகப் பிரித்து வதக்குவது நல்லது. அரைத்த மிளகாயைப் போட்ட பிறகும் கடிகாரத்தை நம்பாமல், ஓரத்தில் எண்ணெய் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்பே கோழியைப் போட்டால் பச்சை வாடை கடைசி வரை போகாது.

அடுத்தது தண்ணீர். 2 கிலோ கறிக்கு 4 கப் ஊற்றி, கொதியில் ஒன்றரை கப் வற்றி, இரண்டரை கப் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுப்பின் தீ அதேதான் என்பதால் பெரிய சட்டியிலும் ஏறக்குறைய அதே ஒன்றரை கப்தான் வற்றும். நிற்க வேண்டியது 5 கப். ஆகவே ஊற்ற வேண்டியது ஆறரை கப். எட்டு ஊற்றினால் ஒன்றரை கப் அதிகம். கல்யாண வீட்டுப் பெரிய அடுப்பு என்றால் இந்தக் கணக்கு மாறும், அதன் தீ அதிகமாக வற்ற வைக்கும்.

கொதி வருவதற்கும் முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஆனால் கொதி வந்த பிறகு கோழி வேகும் நேரம் கூடாது. துண்டுகள் அதே அளவில் இருந்தால் அதே 25, 30 நிமிடம்தான். நடுவில் மட்டும் குமிழி வந்தால் அது கொதி அல்ல. சட்டி முழுவதும் கொதித்த பிறகே நேரத்தை எண்ண வேண்டும். அகலச் சட்டிக்குச் சின்னத் தீ நடுவில் மட்டும் படுவதால் அங்கே அடிப்பிடிக்கும், ஓரத்துத் துண்டு வேகாமல் நிற்கும். நீளக் கரண்டியால் அடிவரை கிளறி, ஓரத்தையும் நடுவையும் மாற்றிவிட வேண்டும். ஓரத்திலிருந்து பெரிய தொடைத்துண்டு ஒன்றை எடுத்து எலும்பருகே கீறிப் பாருங்கள். சாறு சிவப்பாக வந்தால் இன்னும் வேக வேண்டும்.

பெரிய சட்டி சீக்கிரம் ஆறாது. அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே வேகும். உருளைக்கிழங்கு போடுபவர்கள் அது சற்று விறைப்பாக இருக்கும்போதே அடுப்பை அணைக்கலாம். தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் சின்னக் குமிழி வந்தவுடன் அணைத்துவிட வேண்டும், விட்டால் திரிந்துவிடும்.

மிச்சக் கறியைச் சட்டியோடு இரவு முழுக்க வைக்காதீர்கள். நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து கெட்டுவிடும். தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஆற வைத்து ஐஸ் பெட்டியில் வையுங்கள்.