கறுப்பையாவின் ‘வீ’

சிவகங்கைப் பக்கத்து ஊர் ஒன்றில் கொத்தனார் வேலை பார்க்கிறார் கறுப்பையா (பெயரை மாற்றியிருக்கிறேன்). வயது 46, படிப்பு ஐந்தாம் வகுப்பு. மஸ்கட்டில் வேலை இருப்பதாக ஏஜெண்ட் ஒருவர் சொல்ல, முதல் தடவையாக பாஸ்போர்ட் எடுக்கக் கிளம்பினார். டவுன் கடையில் விண்ணப்பம் போட மூவாயிரம் கேட்டார்கள். அரசுக் கட்டணமே 1,500 ரூபாய்தான் என்று தெரிந்ததும் எழுந்து வந்துவிட்டார். அன்று ராத்திரி பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பி.காம். படிக்கும் அந்த வீட்டுப் பெண்ணின் மடிக்கணினியில் passportindia.gov.in தளத்தைத் திறந்தார்கள். உறவினர் என்ற முறையில் நானும் அங்கே இருந்தேன்.

முதல் கட்டத்திலேயே வண்டி நின்றது. ஆதாரில் இருப்பது ‘கறுப்பையா வீ’. படிவமோ Given Name, Surname என்று இரண்டு கேட்கிறது. இனிஷியலைப் போட்டால் ஏற்காது. விரித்துத்தான் எழுத வேண்டும்.

“வீ-ன்னா என்ன மாமா?”

“எங்கப்பா, வீரணன்.”

“அப்ப Surname-ல வீரணன்னு போடணும்.”

“அது எங்கப்பா பேரு ஆத்தா. என் பேரு எங்க?”

பெயர் முதல் கட்டத்தில் இருக்கிறது, அப்பா பெயர் இரண்டாவதில் வருகிறது என்று அவள் காட்டினாள். விமான நிலையத்தில் ‘மிஸ்டர் வீரணன்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடவும் வழி உண்டு. ஆனால் ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுகளால் வளைகுடா விசாக்களில் சிக்கல் வந்ததுண்டு. நம் ஊர்க்காரர்கள் அப்பா பெயரை நிரப்பிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஒரே ஒரு கவனம்: இங்கே எழுதும் ஆங்கில எழுத்துக்கள்தான் இனி விசா, டிக்கெட், வேலை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் ஏறும். அவள் ஆதாரையும் பான் அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

அடுத்து படிப்பு. ஐந்தாம் வகுப்புக்குப் பொருந்தும் தேர்வைச் சொடுக்கப் போனபோது கறுப்பையா அவள் கையைத் தடுத்தார். பத்தாவது பாஸ் என்று போடச் சொல்லியிருக்கிறாராம் ஏஜெண்ட். அப்போதுதான் ஈ.சி.ஆர். விழாதாம்.

ஈ.சி.ஆர். என்பது, வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போகுமுன் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டில் வரும் குறிப்பு. பத்தாவது தேறாதவர்களுக்குப் பொதுவாக இது வரும். வருமான வரி கட்டுகிறவர்கள், 50 வயது தாண்டியவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. ஓமன், குவைத், சவுதி, மலேசியா உட்பட 18 நாடுகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை.

“பத்தாவது மார்க் சீட்டைக் கேட்டா எதைக் காட்டுவீக?” என்றாள் அவள். பதில் இல்லை. பொய்த் தகவல் தருவது 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமான விஷயத்தை ஏஜெண்ட் அவரிடம் சொல்லவே இல்லை. அனுமதிக்குப் போகும்போது சம்பளமும் வேலையும் எழுதிய ஒப்பந்தம் அரசின் பார்வைக்கு வருகிறது. பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம். பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜி.எஸ்.டி.க்கும் மேல் வாங்கக் கூடாது. இதையெல்லாம் தாண்டிப் போகத்தான் ‘விசிட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்’ என்கிறார்கள். கறுப்பையா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உள்ளதையே போடு ஆத்தா” என்றார்.

மீதிப் பக்கங்கள் சுலபமாகப் போயின. உடலில் அடையாளம் கேட்ட கட்டத்துக்கு, செங்கல் விழுந்து வந்த நெற்றித் தழும்பைக் காட்டினார். பணம் கட்டி, மதுரை சேவை மையத்துக்கு நாள் குறித்தார்கள்.

முதல் கவுண்டரில் படமும் கைரேகையும் அங்கேயே எடுப்பார்கள், பதிவு செய்த விவரத்தைச் சரிபார்க்கச் சொல்வார்கள். கறுப்பையாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் ஒரு துண்டுத் தாளில் KARUPPAIAH, கீழே VEERANAN என்று பெரிதாக எழுதிக் கொடுத்தாள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், திரையில் இருந்ததோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தாராம். பின்னால் இருந்தவர் அவசரப்படுத்தியும் விடவில்லை. சில நாளில் காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். பாஸ்போர்ட் விரைவுத் தபாலில் வந்தது, ஈ.சி.ஆரோடு.

ஏஜெண்ட் உடனே அதைத் தன்னிடம் தரச் சொன்னார். கறுப்பையா இன்னும் தரவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் பணமோ பாஸ்போர்ட்டோ கொடுக்குமுன், அந்த ஏஜெண்டின் பதிவு எண்ணை emigrate.gov.in தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு எண் கேட்டதிலிருந்து அவருடைய ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை.